குளிர் அறையில் நூற்று நாற்பது

அந்தக் கிடங்கில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது, அதையும் யாரும் படிப்பதில்லை. வயது நாற்பத்தொன்று. ஆறு வருடமாக அங்கே வேலை. போனில் ஒரு தட்டு தட்டினால் பாலும் வெங்காயமும் தானாக நடந்து வந்து வாசலில் நிற்பதாகத்தான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடப்பது இவள். ஒரு ஷிப்டுக்குப் பதினாலு கிலோமீட்டர்.

நடந்தாலும் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அப்போது அங்கே 'பேட்ச்' முறை. ஒரு தள்ளுவண்டியில் எட்டுப் பெட்டிகள், எட்டு வீட்டு ஆர்டர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக நடக்காமல், கிடங்கை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி எட்டு வீட்டுக்கும் சேர்த்து எடுத்துவர வேண்டும். மணிக்கட்டில் கட்டிய ஸ்கேனர் அடுத்து எந்த அலமாரி, எந்தப் பெட்டிக்கு எத்தனை என்று சொல்லும். கனமானது அடியில், முட்டையும் ரொட்டியும் மேலே. மூன்றாம் பெட்டிக்காரர் வாரா வாரம் பூனைத் தீனியும் ஒரே ஒரு தக்காளியும் வாங்குவார். ஐந்தாம் பெட்டியில் திடீரென்று டயப்பர் வந்தால் யார் வீட்டிலோ குழந்தை பிறந்திருக்கிறது. இப்படி முகம் தெரியாத வீடுகளை எல்லாம் தள்ளிக்கொண்டு போவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

பிடிக்காதது ஒன்றே ஒன்று, உறைகுளிர் அறை. மைனஸ் இருபது டிகிரி. ஐஸ்கிரீமும் உறைந்த பட்டாணியும் உருகிவிடக் கூடாது என்பதால் சுற்றின் கடைசியில்தான் அங்கே போக வேண்டும். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, குளிர் தாங்கும் பைகளோடு உள்ளே ஓடி, ஆறு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவாள். அதற்குள்ளேயே அவள் வலது கை விரல்கள் வெள்ளைக்காரன் விரல்போல வெளுத்துவிடும். டாக்டர் பார்த்துவிட்டு, குளிர் பட்டால் உங்களுக்கு ரத்தக் குழாய் சுருங்கிக்கொள்கிறது, குளிர் பக்கமே போகாதீர்கள் என்றார். வேலையில் சேரும்போது குளிர் தனக்கு ஒத்துக்கொள்ளும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதனால் டாக்டர் சொன்னது அவளுக்கும் புருஷனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. புருஷன் அதே கிடங்கின் டெலிவரி வேன் ஓட்டுகிறவர்.

சீக்கிரம் வெளியே வர அவள் ஒரு தந்திரம் செய்தாள். தடித்த கையுறையோடு தட்டினால் ஸ்கேனரின் திரைக்கு உறைக்காது. மற்றவர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் கையுறையைக் கழற்றி, தட்டி, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் வலது கையுறையில் கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் கத்தரித்துவிட்டாள். நோவு இருக்கிற விரலையே குளிருக்கு நீட்டிய புத்திசாலித்தனம்தான், வேறென்ன சொல்ல. ஆனால் ஆறு நிமிட வேலை நாலு நிமிடத்தில் முடிந்தது.

அந்த நேரத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும், நல்ல மாதிரி, எல்லாரையும் அக்கா அண்ணா என்றுதான் கூப்பிடுவார். கையில் எப்போதும் டேப்லட். முதல் நாளே ஸ்டாப்வாட்ச் என்று பெயர் விழுந்துவிட்டது. மூன்று வாரம், மூன்று முறை, எது தேறுகிறதோ அதை வைத்துக்கொள்வோம் என்றார்.

முதல் வாரம் பழைய பேட்ச். அதன் குறைகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். பால் அலமாரி முன்னால் பத்து வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். நாலாம் பெட்டிக்குப் போக வேண்டிய சோப்பு ஐந்தாம் பெட்டிக்குப் போய்விடும். இரண்டாம் வாரம் 'ஸோன்'. கிடங்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பகுதி. ஆள் அங்கேயே நிற்க, பெட்டி மட்டும் உருளைப் பாதையில் பகுதி பகுதியாக வரும். தன் பகுதிப் பொருளைப் போட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். உறைந்த பொருள்களுக்கு மட்டும் தனிப் பைகள், அவை கடைசியில் வேன் வாசலில் பெட்டியோடு சேரும். ஸ்டாப்வாட்ச் ஆட்களைப் பிரித்தபோது எக்ஸ்பிரஸை உறைகுளிர் அறையில் போட்டார். முதல் வாரக் கணக்கில் அந்த அறையில் மற்றவர்கள் மணிக்கு எழுபது பொருள் எடுத்திருந்தார்கள், இவள் நூற்று நாற்பது.

"அந்த ரூம்ல உங்கள மாதிரி ஆளே இல்லக்கா," என்று மனதாரப் பாராட்டினார்.

குளிருக்குப் பயந்து ஓடிய ஓட்டத்தை அவர் திறமை என்று எழுதிக்கொண்டார். ஒரு வாரம்தானே, பல்லைக் கடித்துக்கொள்வோம் என்று அவளும் உள்ளே போனாள். அங்கேதான் பெரிய தப்பைச் செய்தாள். பழகிய கால் சும்மா இருக்குமா, அங்கேயும் ஓடினாள், அதே வெட்டிய கையுறையோடு. மறுபடியும் நூற்று நாற்பது. வியாழக்கிழமை வாக்கில்தான் அவளுக்கு உறைத்தது. பேட்ச்சில் சீக்கிரம் எடுத்தால் சீக்கிரம் வெளியே வரலாம். இதில் சீக்கிரம் எடுத்தால் அடுத்த பை சீக்கிரம் வரும், அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் 'வேவ்'. பேட்ச்சும் ஸோனும் வேலையை எப்படிப் பிரிப்பது என்பதைப் பற்றியவை, வேவ் நேரத்தைப் பற்றியது. ஸோனில் ஆர்டர் வர வர எடுத்ததால் ஆறு மணி வேனுக்கான ஐஸ்கிரீம் மூன்று மணிக்கே வாசலில் வந்து காத்துக் கிடந்தது. அதனால் எந்த வேன் எப்போது கிளம்புகிறதோ அதை ஒட்டி ஆர்டர்களைக் கட்டுக் கட்டாகத் திறந்துவிட்டார்கள், ஒரு கட்டு ஒரு வேவ். ஒரு கட்டு திறந்ததும் எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் பாயும், முடிந்ததும் ஓயும். ஸோனும் வேவும் சேர்ந்தபோது நடை நாலு கிலோமீட்டராகக் குறைந்தது, தவறு பாதியானது, வேன்கள் நேரத்துக்குக் கிளம்பின. நேர்மையாகச் சொன்னால் கிடங்குக்கு அதுதான் சரியான முறை. அவளாலும் மறுக்க முடியவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஸோன், வேவ் இரண்டும் நிரந்தரம். உறைகுளிர் அறைக்கு ஒரே ஆள், எக்ஸ்பிரஸ். அந்த அறையின் இலக்கு மணிக்கு நூற்று நாற்பது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அவள் தன் சொந்த விரலால் வைத்துக்கொண்டாள்.

அவள் ஸ்டாப்வாட்ச்சிடம் போய், வேறு பகுதி தர முடியுமா என்று மட்டும் கேட்டாள். காரணம் சொல்லவில்லை. தாராளமா மாறலாம்க்கா, உங்க இடத்துக்கு ஒரு ஆள் சொல்லுங்க, ஆனா இலக்கு இலக்குதான், ஒரு மாசம் தொடர்ந்து குறைஞ்சா மேல பதில் சொல்லணும் என்றார். பக்கத்தில் நின்ற முட்டை உடனே, நான் போறேன் என்றாள். இரண்டு வருடம் முன்பு ஒரே நாளில் நாலு தட்டு முட்டையை உடைத்ததால் வந்த பெயர் அது, அன்றிலிருந்து எதையும் நிதானமாகத்தான் எடுப்பாள். நல்ல மனசு. அவள் உள்ளே போனால் ஐம்பது வரும், ஒரு மாதத்தில் வேலை போகும். எக்ஸ்பிரஸ், வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குளிர்ச் சட்டையை மாட்டிக்கொண்டாள். வெளியே வரும் கதவைத் தன் கையாலேயே சாத்திக்கொண்டதுபோல இருந்தது அவளுக்கு.

ஒரு வேவ் ஐம்பது நிமிடம். நடுவில் கால் மணி நேரம் வெளியே வெந்நீர்க் குழாயடியில் கையை வைத்துக்கொள்வாள். உணர்வு திரும்பும்போது வரும் வலி, போகும்போது வருவதைவிட மோசம். வீட்டில் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை, புருஷன் மாட்டிவிட்டார். பிறகு சூடான டம்ளரை அவள் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து, தன் கைகளால் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்தாம் நாள் ஆள்காட்டி விரல் நுனி வெந்நீரிலும் சிவக்கவில்லை. தொட்டுப் பார்த்தாள், யாருடைய விரலையோ தொடுவதுபோல இருந்தது. பயந்துவிட்டாள். அடுத்த வேவுக்கு வெட்டிய கையுறையைக் குப்பையில் போட்டுவிட்டு, முழுக் கையுறை ஒரு ஜோடி எடுத்து மாட்டினாள். மற்றவர்களைப்போலக் கழற்றித் தட்டி, மாட்டி எடுத்தாள். மணிக்கட்டு ஸ்கேனரில் மணிக்கு எழுபது என்று சிவப்பாக எரிந்தது. எரியட்டும் என்று விட்டாள்.

ஸோனில் ஒரு பகுதி நொண்டினால் எல்லாப் பகுதியும் நொண்டும். பால் பகுதி முடிந்தது, காய்கறி முடிந்தது, பெட்டிகள் எல்லாம் வாசலில் போய் நின்றன, உறைந்த பைகள் மட்டும் வரவில்லை. பதினோரு வேன்கள் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றன. அதில் ஒன்று அவள் புருஷனுடையது. உள்ள யாருப்பா இது, ஆமைக்கு அண்ணனா என்று பக்கத்து டிரைவர் கேட்டதற்கு அவர், என் சம்சாரம்தான், மெதுவா வரட்டும் என்றாராம்.

ஸ்டாப்வாட்ச் குளிர்ச் சட்டைகூட மாட்டாமல் உறைகுளிர் அறைக்குள் ஓடிவந்தார். அந்த அறைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கேட்க வாயைத் திறந்தார், பற்கள்தான் அடித்துக்கொண்டன. அவள் கையுறையைக் கழற்றிக் காட்டினாள். விரல்கள் மெழுகு மாதிரி இருந்தன.

"எப்ப இருந்துக்கா?"

"பேட்ச் காலத்துலயே உண்டு சார். அப்ப நாலு நிமிஷம்தான் உள்ள இருப்பேன். ஓடிடுவேன். நீங்க அந்த ஓட்டத்தத்தான் எண்ணுனீங்க."

அவர் கெட்டவர் இல்லை. அவளை வெளியே அனுப்பிவிட்டு மீதிப் பைகளைத் தானே எடுக்கப் பார்த்தார், மணிக்கு இருபதுகூடத் தேறவில்லை. மறுநாள் தீர்வோடு வந்தார். உறைகுளிர் அறைக்கு இனி இரண்டு பேர், முறை மாற்றி மாற்றி, பாதி நேரம் உள்ளே, பாதி நேரம் வெளியே. உங்களை அங்கிருந்து முழுக்க எடுத்துவிட மேலிடம் ஒப்பவில்லை, முதலில் எழுதிக் கொடுத்த கையெழுத்தைக் காட்டுகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். டாக்டர் சீட்டு கொண்டுவாருங்கள், நான் பேசுகிறேன் என்றார். புது இலக்கை ஒரு வாரம் அளந்து பார்த்து வைப்பார்களாம். இரண்டாவது ஆளாகப் பேர் கொடுத்தது முட்டை.

திங்கள் காலை முட்டை புதுக் குளிர்ச் சட்டையில் பொம்மைபோல வந்து நின்றாள். கையில் புதுக் கையுறை ஒரு ஜோடி, கூடவே ஒரு கத்தரிக்கோல்.

"எங்க வெட்டணும்னு காட்டுக்கா. உன்னை மாதிரியே பண்ணிக்கிறேன்."

எக்ஸ்பிரஸ் அந்தக் கத்தரிக்கோலை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வெட்டாத. கழட்டு, தட்டு, மாட்டு. இந்த வாரம்தான் அளக்கிறாங்க. இந்த வாரம் மட்டும் ஓடிடாதடி."

முதல் வேவ் திறந்தது. முட்டை உள்ளே போனாள். கதவின் சின்னக் கண்ணாடி வழியாக எக்ஸ்பிரஸ் பார்த்துக்கொண்டு நின்றாள். முட்டை கையுறையைக் கழற்றினாள், தட்டினாள், மாட்டினாள். அடுத்தது தன் முறை, இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. அதுவரை கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள்.