மீட்டர் சொன்ன இருபது

என் வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். கண்ணெதிரே ஒரு வேக மீட்டர் இல்லாவிட்டால், தான் நகர்கிறோம் என்றே அவருக்கு நம்பிக்கை வராது. ஓய்வு பெற்றதும் சைக்கிள் வாங்கினார், கூடவே அதற்கொரு மீட்டர். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவிலும் சேர்ந்தார். மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் போகாதவர்களுக்கு அங்கே இடமில்லை. அப்படியொரு வீம்பு பிடித்த கூட்டம்.

பிறகு இதயத்தில் ஆபரேஷன். தேறி எழுந்த மனிதருக்கு ஒரே பைத்தியம், மறுபடி அந்தக் குழுவில் சேர வேண்டும். உயரமான சைக்கிளில் காலைத் தூக்கிப்போட முடியவில்லை. மகளுடைய மடக்கு சைக்கிளை எடுத்தார். சின்னச் சக்கரம், தாழ்வான சீட்டு. பழைய மீட்டரை அப்படியே கழற்றி அதில் மாட்டிக்கொண்டார்.

ஒருநாள் வாசலிலேயே கத்தினார். "ஏய், இருபது! இருபதைத் தொட்டுட்டேன்!"

"சரி சரி, ஊரைக் கூட்டாதீங்க" என்றேன். உள்ளுக்குள் எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்தான்.

அந்த ஞாயிறு குழுவோடு போனவர், முகம் தொங்கிப்போய்த் தனியாகத் திரும்பினார்.

"எல்லாரும் என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க. நான் இருபதுல போறேன். கேட்டா, அவங்க பதினெட்டுதானாம். பதினெட்டு எப்படிடி இருபதை முந்தும்?"

"அவங்க மீட்டர் கோளாறா இருக்கும்."

"அத்தனை பேர் மீட்டருமா?"

எனக்கும் மண்டை காய்ந்துவிட்டது. பொய் சொல்கிற மனிதரும் இல்லை இவர். மறுநாள் இரண்டு சைக்கிள்களையும் தள்ளிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் இரண்டு டயர்களிலும் சாக்பீஸால் கோடு போட்டார். ஒரே இடத்திலிருந்து இரண்டையும் ஒரு சுற்று மட்டும் உருட்டினார். பெரிய சக்கரம் நின்ற இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே சின்னது நின்றுவிட்டது.

"மீட்டருக்குக் கண்ணா இருக்கு சார்? சக்கரம் எத்தனை தடவை சுத்துதுன்னுதான் எண்ணும். சுத்துக்கு எவ்வளவு தூரம்னு நாமதான் அதுல போட்டு வைக்கணும். நீங்க மாத்தவே இல்ல. அது இன்னும் பெரிய சக்கரம்னே நினைச்சுக்கிட்டிருக்கு."

"ஆனா சக்கரம் வேகமாத்தானே சுத்துச்சு?"

"சுத்துச்சு சார். சின்னது அப்படித்தான், அதே தூரத்துக்கு அதிகமா சுத்தும். அதனால ரோட்டுல நீங்க வேகமாப் போனதா ஆகாது."

"அப்போ அந்த இருபது?"

கடைக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். "பதினாலு இருக்கும், சார்."

மீட்டரில் புது அளவைப் போட்டுக் கொடுத்தார். இவர் அந்தத் தெருவிலேயே முக்கி முக்கி ஓட்டிப் பார்த்தார். பதினாலுதான் வந்தது. இறங்கி, சீட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்போ எனக்கு இன்னும் குணமாகலையா?"