தொண்ணூற்றாறு சக்கரம்

அவளுக்குச் சக்கரக்கா என்று பெயர் வந்தது சும்மா வந்ததில்லை. பதினோரு வருஷம் ஒரு சூட்கேஸ் கடையில் நின்றவள். சக்கரம் உடைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் "சக்கரம் மட்டும் வராதுங்க, புதுசு பாருங்க" என்று சொல்லச் சொல்லியிருந்தார் முதலாளி. ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு நாள் வேலையை உதறிவிட்டு, வீட்டு முன்னறையிலேயே சக்கரம் விற்க ஆரம்பித்தாள். ஆன்லைனில்தான். இரண்டு பெரிய சந்தைகளில் கடை போட்டாள். ஒன்றின் செயலி மஞ்சளாக இருக்கும், இன்னொன்று பச்சை. வீட்டில் அவற்றுக்கு மஞ்சள்கடை, பச்சைக்கடை என்றே பேச்சு. மஞ்சள்கடையில் நாலு சக்கர செட். பச்சைக்கடையில் ஜோடி. இரண்டுக்கும் போவது ஒரே சக்கரம்தான்.

ஆரம்பத்தில் இருப்பு முழுவதையும் இரண்டு கடையிலும் காட்டினாள். வாங்குகிறவனுக்கு என்ன தெரியும்? ஒரே சக்கரத்தை இங்கே ஒருவரும் அங்கே ஒருவரும் வாங்கிவிட்டார்கள். இல்லாத சரக்கை எப்படி அனுப்புவது? ஏழு ஆர்டரை அவளே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. மஞ்சள்கடையிலிருந்து வந்தது பார் ஒரு கடிதம்! இனி விற்பவர் பக்கமிருந்து ஒரே ஒரு ரத்து ஆனாலும் கடைக்குப் பூட்டு. அவள் வருமானத்தில் முக்கால் பங்கு மஞ்சள்கடைதான். அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

அதற்கப்புறம் சுவரில் கொக்கி அடித்தாள். இடப்பக்கம் மஞ்சள் நூல் கட்டிய கொக்கிகள், வலப்பக்கம் பச்சை. ஒரு கொக்கிக்கு ஒரு பை. மஞ்சள் பக்கம் பன்னிரண்டு செட் தொங்கினால் மஞ்சள்கடையில் பன்னிரண்டுதான் காட்டும். அந்தப் பக்கத்துப் பையை இந்தப் பக்கம் யாரும் தொடக்கூடாது. பிரித்து வைத்தாயிற்று, ஒரு தலைவலியும் இல்லை. என்ன, சில நாள் மஞ்சள் பக்கம் காலியாகி ஆர்டர் தவறிப் போய்க்கொண்டிருக்கும், பச்சைப் பக்கம் பைகள் தேமே என்று தொங்கிக்கொண்டிருக்கும்.

அது நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. புருஷனின் தங்கை. வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டதால் நான்கு மாதமாக இவர்களோடுதான் இருக்கிறாள், பார்சல் கட்டுகிறாள். சும்மா சோறு தின்கிறோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு.

"அண்ணி, இந்தக் காலத்துல போய் நூல் கட்டிட்டு இருக்கீங்களே! ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. இருப்பை ஒரே இடத்துல போட்டா போதும். இங்க ஒண்ணு வித்தா அங்க தானா ஒண்ணு குறையும். பாதி பாதியா பிரிக்கவே வேணாம்."

"தப்பாச்சுன்னா?"

"நான் பாத்துக்கறேன் அண்ணி. என்னை நம்புங்க."

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாத்தனார் எல்லாவற்றையும் ஏற்றினாள். மொத்தம் தொண்ணூற்றாறு சக்கரம். மஞ்சள்கடைப் பக்கத்தையும் பச்சைக்கடைப் பக்கத்தையும் அந்த இருப்போடு இணைத்தாள். இரண்டு இடத்திலும் பச்சை டிக் விழுந்தது. கொக்கியிலிருந்து பைகளை எல்லாம் இறக்கி ஒரே பெட்டியில் கொட்டினாள். சக்கரக்கா காலியான கொக்கிகளை ஒருமுறை எண்ணிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு போன் டிங் என்றது. உடனே இன்னொரு டிங். அப்புறம் நிற்கவே இல்லை.

"அண்ணி! யாரோ ஒரு பொண்ணு நம்ம சக்கரத்தை மாட்டி வீடியோ போட்டிருக்கா! லட்சம் பேர் பாத்துட்டாங்க! புதுப்பெட்டி வாங்காதீங்க, இதை வாங்குங்கன்னு சொல்றா!"

சக்கரக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். அந்தப் பெண் பெட்டியைத் தரையில் உருட்டி உருட்டிக் காட்டுகிறாள். பதினோரு வருஷம் சொன்ன பொய்க்கெல்லாம் யாரோ முகம் தெரியாதவள் பதில் சொல்லுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாத்தனார் எழுந்து நின்று கைதட்டுகிறாள். "மஞ்சள் இருபது! பச்சை எட்டு! மஞ்சள் இருபத்திமூணு! அடேயப்பா, மஞ்சள் இருபத்தாறு, பச்சை பத்து!"

"இன்னும் எவ்வளவு காட்டுது?"

"அறுபது இருக்கு அண்ணி!"

சக்கரக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்னது? இருக்கறதே தொண்ணூத்தாறு சக்கரம். நாலு நாலா போட்டா இருபத்திநாலு செட்டுக்கு மேல வராது. இருபத்தாறு எப்படி வித்துச்சு?"

நாத்தனார் திரையைப் பார்த்தாள். கடைகளை இணைத்த பக்கத்தைத் திறந்தாள். ஒரு செட் விற்றால் நாலு சக்கரம் குறைய வேண்டும், ஒரு ஜோடிக்கு இரண்டு. அவள் இணைத்தபோது, எத்தனை குறைய வேண்டும் என்று கேட்கும் கட்டத்தை நிரப்பவில்லை. செட்டோ ஜோடியோ, எது விற்றாலும் ஒன்றுதான் குறைந்துகொண்டிருந்தது. தொண்ணூற்றாறு சக்கரம், கடையில் தொண்ணூற்றாறு செட்டாக நின்றிருக்கிறது.

"ஐயோ அண்ணி..."

"அழறதெல்லாம் அப்புறம். முதல்ல கடையை மூடு!"

சக்கரக்கா மஞ்சள்கடைக்குள் போய் இருப்பைப் பூஜ்யமாக்கினாள். அப்பாடா என்று உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, மறுபடியும் டிங்! பூஜ்யம் இருந்த இடத்தில் அறுபது நிற்கிறது. சாஃப்ட்வேர் தன்னிடம் இருந்த எண்ணைத் திரும்ப அனுப்பிவிட்டது. இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது!

"அடிப் பாவி, அதுல போடு பூஜ்யம்! கடையில இல்ல, உன் சாஃப்ட்வேர்ல!"

போட்டாள். இரண்டு கடையும் காலி என்று காட்டின. வீடே அமைதியானது. அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது.

கணக்கு போட்டார்கள். மஞ்சள் இருபத்தொன்பது செட், நூற்றுப் பதினாறு சக்கரம். பச்சை பத்து ஜோடி, இருபது. ஆக நூற்று முப்பத்தாறு. கையில் தொண்ணூற்றாறு. மொத்த வியாபாரியைக் கூப்பிட்டால், நாளைக் காலை நூறு வரும், இன்றைக்கு ஒன்றுகூட இல்லை என்றார். பச்சைக்கடைக்கு நாளை மறுநாள் வரை நேரம் இருக்கிறது, அதற்கு நாளை வருகிற சரக்கு போதும். மஞ்சள்கடை வண்டி இன்று நாலு மணிக்கு வரும். இருக்கிற எல்லாச் சக்கரத்தையும் மஞ்சளுக்கே போட்டாலும் ஐந்து செட் குறைகிறது. ஒன்று ரத்தானால்கூட பூட்டு.

"அண்ணி, வாங்கினவங்களுக்கு மெசேஜ் போட்டு, நீங்களே கேன்சல் பண்ணிடுங்கன்னு சொன்னா நம்ம கணக்குல வராதே?"

"அது திருட்டுத்தனம். கண்டுபிடிச்சா அன்னிக்கே மூடிடுவான். அவங்க வீடியோவை நம்பி வாங்கினவங்க, அவங்ககிட்ட போய் கெஞ்சச் சொல்றியா?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் ஊருக்குப் போயிடறேன் அண்ணி. நான் வந்ததிலிருந்தே..."

"போறவ பார்சல் கட்டிட்டுப் போ. இருபத்திநாலு செட் இருக்கு, கட்டு!"

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். பாலத்தடியில் பெட்டி ரிப்பேர் செய்கிற ஒரு மனுஷர் இருக்கிறார், பெட்டி வைத்தியர் என்பார்கள். போன வாரம் அவளிடமிருந்து இருபத்திநாலு சக்கரம் வாங்கியிருந்தார். அதில் எத்தனை செலவழித்திருப்பாரோ என்று ஆட்டோவில் போகும்போதே கணக்கு போட்டாள்.

"வித்த சரக்கைத் திரும்பக் கேக்கற வியாபாரியை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் வைத்தியர், கண்ணாடியை இறக்கிவிட்டு.

"அண்ணே, கிண்டலுக்கு நேரமில்ல. எத்தனை இருக்கு?"

டப்பாவைக் கவிழ்த்தார். எண்ணினார்கள். பதினெட்டு. மறுபடி எண்ணினார்கள். பதினெட்டேதான்.

ஐந்து செட்டுக்கு இருபது வேண்டும். இரண்டு சக்கரம்! நூற்றுப் பதினாறில் இரண்டே இரண்டு! "என் கடை போச்சுண்ணே" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

வைத்தியர் அவளையும் பார்த்தார், மூலையில் இருந்த நீலப் பெட்டியையும் பார்த்தார். அதைக் குப்புறப் போட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"காலையில மாட்டினது. இன்னும் தரையில வைக்கல. ஆளு நாளைக்குச் சாயங்காலம்தான் வருவான்."

கழற்றித் தந்த இரண்டையும் அவள் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரப்பரில் ஒரு தூசி இல்லை, ஒரு கீறல் இல்லை. திருகாணிகள் அவளிடமே புதியவை இருக்கின்றன. "நாளைக்குக் காலையில முதல் சரக்கு உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வீட்டுக்குள் நுழையும்போது மூன்று ஐம்பது. வாசலில் மஞ்சள்கடை வண்டி வந்து நிற்கிறது! நாத்தனார் இருபத்திநாலையும் அடுக்கிவைத்துவிட்டு, வண்டிக்காரரிடம் ஒவ்வொரு பார்சலாக மெதுவாக, மகா மெதுவாக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் அவர்.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஐந்து செட்டைக் கட்டினார்கள். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள் சக்கரக்கா. வண்டிக்காரர் கையிலிருந்த கருவி ஒவ்வொன்றாகப் படித்தது. இருபத்தைந்து, பீப். இருபத்தாறு, பீப். இருபத்தொன்பதாவது பார்சலில் பீப் சத்தம் கேட்டதும் நாத்தனார் அண்ணியைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். சக்கரக்கா சிரித்தாள். வண்டிக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை நூறு சக்கரமும் வந்து இறங்கின. பச்சைக்கடைக்கு இருபது. வைத்தியருக்கு இருபது. மீதி அறுபது. வீடியோவை ஜனங்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நாத்தனார் சுவரோரம் போய் மஞ்சள் நூலையும் பச்சை நூலையும் கையில் எடுத்தாள். "பிரிச்சு மாட்டிடறேன் அண்ணி."

"எதுக்கு? உன் சாஃப்ட்வேர் என்னாச்சு?"

"வேணாம் அண்ணி. எனக்கே பயமா இருக்கு."

"அதுல தப்பு ஒரு கட்டம்தானே? நிரப்பு. நாலு சக்கரத்தைக் கணக்குல சேர்க்காம ஒளிச்சு வை. ரெண்டு கடையிலயும் ஒரே நிமிஷத்துல வித்தா அது கைகொடுக்கும்." கதவருகே போய்விட்டவள் திரும்பினாள். "நான் டீ போடப் போறேன்."

"அண்ணி, பாத்துட்டுப் போங்க! தப்பா போட்டேன்னா?"

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம்தான் கேட்டது. அவள் வந்து பார்க்கப்போவதில்லை என்று நாத்தனாருக்குப் புரிந்தது. ஒரு செட்டுக்கு நாலு, ஒரு ஜோடிக்கு இரண்டு என்று நிரப்பினாள். அறுபதில் நாலை ஒதுக்கி ஐம்பத்தாறு போட்டாள். மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு அழுத்தினாள். பச்சைக்கடையில் இருபத்தெட்டு ஜோடி. மஞ்சள்கடையில் பதினாலு செட்.

டிங்!

பச்சையில் ஒரு ஜோடி போனது. இருபத்தேழு. அவள் மஞ்சளையே வெறித்துப் பார்த்தாள். பதினாலு. அசையவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். நாலு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் அந்தப் பதினாலு பதின்மூன்றானது.

"அண்ணீ! குறைஞ்சிடுச்சு! தானா குறைஞ்சிடுச்சு!"

"தெரியும், கத்தாத" என்றபடி இரண்டு டம்ளரோடு வந்த சக்கரக்கா, வழக்கம்போல் தரையில் பார்சலோரம் வைக்காமல், நாற்காலியில் இருந்த நாத்தனாருக்கு முன்னால் மேஜையில் ஒன்றை வைத்தாள். "குடிச்சிட்டு வேலையைப் பாரு. இனிமே அந்தத் திரை உன்னோடது. பார்சலை நான் கட்டறேன்."