தம்பி என்று எழுதாத பதில்

எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் என் வீட்டுக்காரர் உட்காருவார், மற்றதில் நான். முள்ளிப்பட்டில் பல வீடுகள் இப்படித்தான். தறியில் ஏற்றும் பாவும் பட்டும் ஜரிகையும் ஆரணியில் இருக்கும் முதலாளி கொடுப்பார். நெய்த புடவையை அவரிடமே கொண்டுபோய்க் கொடுப்போம். அந்த முதலாளியை நாங்கள் கடைசி வரைக்கும் ‘அண்ணன்’ என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கு உடம்பு முடியாமல் போனபோது சென்னையில் வேலையில் இருந்த மகன் வந்து தொழிலை எடுத்துக்கொண்டார்.

மகன் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். என்னை ‘அக்கா’ என்பார். நான் ‘வாங்க தம்பி’, ‘சொல்லுங்க தம்பி’ என்பேன். வயதுக்குத் ‘தம்பி’, முதலாளிக்கு ‘ங்க’. நேரில் பேசும்போது இதில் ஒரு சிக்கலும் வந்ததில்லை.

அவர் வந்த சில மாதங்களில் வாட்ஸ்அப் குரூப் ஒன்று ஆரம்பித்தார். நெசவு வீடுகள் எல்லாம் அதில் இருந்தன. புடவை வாங்கும் பெங்களூர் கடைக்காரர் ஒருவரையும் சேர்த்திருந்தார். ஒருநாள் காலை நான் அதில், ‘தம்பி, சிவப்புப் பாவு ரெண்டு நாள்ல முடிஞ்சிடும். அடுத்தது எப்ப வரும்’ என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கடைக்காரர், ‘யார் இந்தத் தம்பி?’ என்று கேட்டு, பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டார்.

மத்தியானம் தம்பியின் குரல் பதிவு ஒன்று வந்தது.

“எல்லாருக்கும் வணக்கம். இந்த குரூப்ல வெளியூர் பார்ட்டி இருக்காங்க. அதனால அண்ணா, தம்பி, மச்சான் இதெல்லாம் வேணாம். சார்னு போடுங்க. எதுனா கேட்டா வெறும் கட்டைவிரல் போடாதீங்க, ஓகே சார்னு எழுதுங்க.”

அது முடிந்ததும் எனக்குத் தனியாகப் போன் செய்தார். “அக்கா, உங்கள சொன்னேன்னு நெனச்சிக்காதீங்க. பொதுவாத்தான் சொன்னேன்.”

“பரவால்ல தம்பி. நீங்க சொல்றது நியாயந்தான்,” என்றேன்.

உண்மையிலேயே நியாயமாகத்தான் பட்டது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஆறவில்லை. “அவங்கப்பாவையே அண்ணன்னுதான் கூப்ட்டுகினு இருந்தோம். இவருக்கு இன்னா சார் மோரு?” என்றார். ஆனாலும் அவர் போனில் இருந்து போகும் செய்திக்கும் நான்தான் ‘சார்’ போட்டு அனுப்பினேன்.

அதன் பிறகு அந்த எழுத்து எனக்குக் கைவந்துவிட்டது. முதலில் ‘வணக்கம் சார்’. அதற்குக் கீழே விஷயம். கேட்பதாக இருந்தால் கடைசியில் கைகூப்பும் பொம்மை ஒன்று போதும், மூன்று போட்டால் கெஞ்சுவது போலத் தெரியும். பாவு வந்துவிட்டால் ‘நன்றி சார்’. காலை வணக்கப் பூப்படம் கூடாது. சிவப்பு இதயம் கூடவே கூடாது, பக்கத்துத் தெருவில் ஒருவர் தெரியாமல் போட்டுவிட்டு ஒரு வாரம் முதலாளி முகத்தில் முழிக்கவில்லை. லீவு கேட்க வேண்டும், அளவு தப்பிப்போனதைச் சொல்ல வேண்டும் என்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். “மரியாதையா ஒண்ணு எழுதிக் குடேன்,” என்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

குரூப்பில் மட்டும் என்று சொன்னதை நான் தனிச் செய்திக்கும் கொண்டுபோய்விட்டேன். தனியாக எழுதும்போதும் ‘சார்’தான். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் ‘அக்கா’ என்று எழுதுவதை மட்டும் விடவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை தறியில் பழைய பாவோடு புதுப் பாவின் இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தேன். போன் சத்தம் கேட்டது. அவரிடமிருந்து தனியாக ஒரு செய்தி.

‘அக்கா அப்பா போய்ட்டாரு’

அவ்வளவுதான். ஒரு புள்ளிகூட இல்லை.

நான் ‘ஐயோ தம்பி’ என்று அடித்தேன். அதற்குமேல் எழுதுவதற்குள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். செய்தியைப் படித்தார். பிறகு, “தம்பின்னு போடாத. துக்கத்துல இருக்காரு, எது எப்படிப் படும்னு சொல்ல முடியாது. மனசுல வச்சிகினார்னா அடுத்த பாவுக்குப் பேஜாராயிடும்,” என்றார்.

அதற்குள் குரூப்பிலும் தகவல் வந்து, ஒவ்வொருவராக இரங்கல் போட ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் எழுதியது நன்றாக இருந்தது. அதைப் பார்த்து அவருக்குத் தனியாக எழுதினேன். ‘ஆழ்ந்த இரங்கல் சார். அய்யாவின் ஆன்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்.’ கைகூப்பும் பொம்மை இரண்டு. இருபது வருடம் அண்ணன் என்று கூப்பிட்டவரை அய்யா என்று எழுதியிருக்கிறேன் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அதற்குள் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. பதில் வரவில்லை.

சாயங்காலம் எடுக்கும்போது போயிருந்தோம். அண்ணன் சம்சாரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். தம்பி வாசலில் வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். எங்களையும் கும்பிட்டார்.

காரியத்தன்று சாப்பிட்டுக் கைகழுவப் போன இடத்தில் தனியாக நின்றிருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

“அக்கா,” என்றார். “அன்னிக்கு ஆஸ்பத்திரில இருந்துகினு உங்களுக்குத்தான் மொதல்ல போட்டேன். குரூப்புக்கு அப்பறமாத்தான் போட்டேன்.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்களும் சார்னே போட்டீங்க.”

“இல்ல... நீங்கதானே...”

“ஆமா. நான்தான் சொன்னேன்.” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது பேசியிருப்பேன். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். ‘தம்பி மன்னிச்சிடுங்க’ என்று எழுதினேன். ‘ங்க’ இருக்கும்வரை சார் போகாது போல இருந்தது. ‘மன்னிச்சிடுப்பா’ என்று மாற்றினேன். முதலாளியை அப்படிச் சொல்ல எனக்கு யார் உரிமை கொடுத்தது என்று பயம் வந்தது. அழும் பொம்மை ஒன்றைப் போட்டு எடுத்துவிட்டேன். கடைசியில், ‘தம்பி, அன்னிக்கு பதட்டத்துல எழுதிட்டேன், தப்பா நெனைக்காதீங்க’ என்று அனுப்பினேன். அனுப்பியதும் அது பொய் என்று தெரிந்தது. பதட்டத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதினேன். அவர் பார்ப்பதற்குள் இரண்டு பக்கத்திலும் அழித்தேன். ஆனால் செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி மட்டும் அங்கேயே நின்றது.

மறுநாள் கேட்டார். ‘என்ன டெலிட் பண்ணீங்க அக்கா?’

நான் தறியில் இருந்தேன். யோசிக்காமல், பழக்கத்தில், ‘ஒண்ணுமில்ல சார்’ என்று அனுப்பிவிட்டேன்.

அதற்குக் கட்டைவிரல் மட்டும் வந்தது. அதற்கு முந்தின செய்தியில்தான் அவர் என்னைக் கடைசியாக அக்கா என்று எழுதியிருந்தார்.

பாவு நின்றுபோகும் என்று பயந்தோம். நிற்கவில்லை. ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கிறது. குரூப்பை இப்போது ஒரு மேனேஜர் பார்த்துக்கொள்கிறார். பெண்கள் எல்லாரையும் ‘மேடம்’ என்று எழுதுகிறார். நாங்கள் ‘ஓகே சார்’ என்று எழுதுகிறோம். என் வீட்டுக்காரரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

போன வாரம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் அண்ணன் மகனைப் பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு யாருக்கோ காத்திருந்தார். மெலிந்திருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். வாயைத் திறந்தேன், எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. முள்ளிப்பட்டு பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன்.