ஏழு கேட்டவரும் நான்கு கேட்டவளும்

படகுத்துறைக் கேண்டீனில் சமைக்கிற அம்மாளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படியே. அவளுடைய கணவர் அதே துறையில் ஓடும் பெரிய படகின் இன்ஜின்காரர். கல்யாணமான புதிதில், அவர் படகு திரும்பும்வரை பணியாளர் அறையில் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் அவள் சீட்டு கற்றுக்கொண்டாள். பிறகு கேண்டீன் வேலையும் கிடைத்தது. அடுப்பு அணைந்ததும் நேரே அந்த அறைக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு தகர மேசை, நான்கு ஸ்டூல், அலையடித்தால் சத்தம் போடும் ஒரு ஜன்னல்.

அவர்கள் ஆடுவது கால் பிரேக் என்ற சீட்டாட்டம். ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. நால்வரும் ஆளுக்கொன்று இறக்க, பெரிய சீட்டுக்காரர் நான்கையும் எடுத்துக்கொள்வது ஒரு பிடி. ஸ்பேட்தான் எப்போதும் துருப்பு; இறக்கிய இனம் கையில் இல்லாதவர் அதால் வெட்டலாம். சீட்டைப் பார்த்த பிறகு, தனக்கு எத்தனை பிடி வரும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்குக் கேள்வி என்று பெயர். நான்கு கேட்டு நான்கு பிடித்தால் நான்கு புள்ளி. கூடுதலாக வரும் ஒவ்வொரு பிடிக்கும் பத்தில் ஒரு பங்குதான். கேட்டதில் ஒன்று குறைந்தாலும் பிடித்ததற்கு மதிப்பே இல்லை. கேட்ட எண் முழுவதும் கணக்கிலிருந்து கழிந்துவிடும். ஐந்து சுற்று முடிந்ததும் யாருக்கு அதிகமோ அவரே வென்றவர்.

இன்ஜின்காரருக்கு இந்தக் கழிக்கிற விதி பிடிக்காது. "ஆறு பிடி பிடிச்சவனுக்கு மைனஸ் ஏழா? இது என்ன நியாயம்?" என்பார். ஆனாலும் ஏழு கேட்பதை விடமாட்டார். கையில் இரண்டு ராஜா வந்துவிட்டால் தானே மூன்றாவது ராஜா என்று நினைப்பு. அதனால் அவருக்கு ஏழு என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அது அவருடைய அடையாள எண் என்று நினைத்தார்கள்.

அக்கா அப்படியில்லை. சீட்டை விரித்தால் முகம் மாறாது. உலையில் அரிசி போடுகிறவளுக்கு எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று தெரியும் அல்லவா, அதே நிதானம். "சின்னக் கேள்வி கேட்டே காலத்த ஓட்டுறா" என்று கணவர் கிண்டல் செய்வார். "ஓடுதுல்ல" என்பாள்.

அந்த வருடம் ஆற்றின் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஒரு போட்டி வைத்தார்கள். துறைக்கு ஒருவர். யார் போவது என்று முடிவு செய்ய, பனி மூட்டத்தில் படகுகள் நின்றுபோன ஒரு காலையில் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அக்கா, இன்ஜின்காரர், படகுக்குக் கயிறு கட்டுகிற முடிச்சு, டிக்கெட் கொடுக்கிற அம்மாள். முடிச்சு என்பது அவன் வேலையால் வந்த பெயர். அவன் பேச்சும் அப்படித்தான், அவிழ்க்க நேரம் பிடிக்கும்.

அன்றைக்கு இன்ஜின்காரருக்கு நல்ல நேரம். நான்கு சுற்று முடிந்தபோது அவருக்குப் பதினெட்டு புள்ளி ஒன்று. அக்காவுக்குப் பதினைந்து புள்ளி மூன்று. மற்ற இருவரும் வெகுதூரம் பின்னால் இருந்தார்கள். போட்டிக்குப் போட்டுக்கொண்டு போக எந்தச் சட்டை என்றுகூட அவர் சொல்லிவிட்டார்.

கடைசிச் சுற்றில் சீட்டுப் போட்டதும் அவர்தான், கேள்வி கேட்பதில் கடைசி ஆளும் அவர்தான். முடிச்சு இரண்டு கேட்டான். டிக்கெட் அம்மாள் ஒன்று. அக்கா சீட்டை ஒருமுறை வரிசை மாற்றி வைத்தாள். கிளாவர் ஏஸும் ராஜாவும் இரண்டு பிடி. டைமண்ட் ஒன்றே ஒன்று, அது போனால் துருப்பால் வெட்டலாம். ஸ்பேட் ராணிக்குத் துணையாக மூன்று ஸ்பேட்.

"நாலு" என்றாள்.

இன்ஜின்காரர் தன் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு இரண்டு கேட்டால் போதும். அக்கா நான்கையும் பிடித்து மேலே கூடுதலாக எத்தனை பிடித்தாலும் அவரை எட்ட முடியாது. இது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

"ஏழு."

டிக்கெட் அம்மாள்தான் விரல்விட்டு எண்ணினாள். "ரெண்டு, ஒண்ணு, நாலு, ஏழு. பதினாலு வருதுண்ணே. இருக்கிறதே பதிமூணு பிடி."

"யாரோ ஒருத்தர் விழணும், அவ்வளவுதானே. அது நான் இல்ல."

"ஏங்க, ரெண்டு போதுமே" என்றாள் அக்கா. எதிராளியாக அவள் அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

"ரெண்டு கேட்டு ஜெயிச்சா அது ஜெயிப்பா? கையில ஸ்பேட் ஏஸ், ராஜா, ஜாக்கி..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லிட்டீங்களே, போங்க" என்றாள்.

முடிச்சு கிளாவர் ஜாக்கியை இறக்கினான். அக்கா ராஜாவைப் போட்டுப் பிடித்தாள், அடுத்து ஏஸைப் போட்டு இன்னொன்றும் பிடித்தாள். பிறகு தன்னிடமிருந்த ஒற்றை டைமண்டை இறக்கினாள். இன்ஜின்காரர் ஏஸால் பிடித்து, அதே வேகத்தில் டைமண்ட் ராஜாவை மேசையில் அறைந்தார். அறைந்த கை மேசையிலிருந்து எழுவதற்குள் அக்கா ஸ்பேட் ஏழை அதன்மேல் வைத்தாள்.

"அதுக்குள்ள டைமண்ட் தீந்துபோச்சா?"

"ஒண்ணுதாங்க இருந்துச்சு."

அவர் ஏழில் ஒன்று அங்கே போனது. ஆனாலும் ஆள் தளரவில்லை. அக்கா ஒரு ஆர்ட்டின் சீட்டை இறக்க, அந்த இனத்தின் ஏஸ், ராஜா இரண்டாலும் இரண்டு பிடி எடுத்தார். ஸ்பேட் ஏஸ், ஸ்பேட் ராஜா, மேலும் இரண்டு. ஐந்தாகிவிட்டது. ஸ்பேட் ஜாக்கியை இறக்கினார். அக்காவின் ராணி அதன்மேல் சாய்ந்தது. அவள் கேட்ட நான்கு அத்தோடு முடிந்தது. அடுத்து அவள் இறக்கிய கிளாவரை அவர் ஸ்பேட் எட்டால் வெட்டினார். ஆறு.

இன்னும் ஒரே ஒரு பிடி. கையில் மூன்று சீட்டு, மூன்றும் சின்னது. ஆர்ட்டின் ஐந்தை எடுத்து, நெற்றியில் ஒருமுறை தொட்டுக்கொண்டு மேசையில் வைத்தார். அதுவரை ஒரு பிடியும் எடுக்காமல் இருந்த முடிச்சு ஆர்ட்டின் ராணியைப் போட்டான். பிறகு டைமண்ட் ராணி. பிறகு டைமண்ட் ஜாக்கி. கடைசி மூன்றும் அவனுக்கே.

"மன்னிச்சுக்கங்கண்ணே, என்கிட்ட வேற இல்ல" என்றான்.

ஆறு கேட்டிருந்தால் ஆறு புள்ளி ஏறியிருக்கும். ஏழு கேட்டதால் ஏழு இறங்கியது. பதினெட்டு புள்ளி ஒன்று, பதினொன்று புள்ளி ஒன்றாகச் சுருங்கிவிட்டது. அக்காவுக்குப் பத்தொன்பது புள்ளி மூன்று. ஒன்றே ஒன்று கேட்டு அதுவும் கிடைக்காத டிக்கெட் அம்மாள்கூடத் தன் சோகத்தை மறந்து சிரித்தாள்.

அன்று மாலை வீட்டில் அவர் அந்தச் சட்டையை மடித்து அலமாரியில் வைத்தார். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஸ்பேட் ஏஸும் ராஜாவும் நிச்சயம். ஆர்ட்டின் ஏஸும் டைமண்ட் ஏஸும் அநேகமா நிச்சயம். உங்ககிட்டயே நாலு டைமண்ட் இருந்தா வேற யார்கிட்டயாவது கொறைச்சலா இருக்கும். அப்புறம் ராஜாவ எப்படி முழுசா எண்ணுறீங்க? ராணி எங்கன்னு தெரியாம ஜாக்கிய எப்படி எண்ணுறீங்க?"

"ஆடுறப்போ இதெல்லாம் யார் பாக்குறா."

"கேக்குறப்போ பாக்கணும்ங்க. ஆடுறப்போ பாத்து என்ன ஆகப்போகுது."

மறுநாள் அவளுடைய செருப்பைத் தைத்து வாங்கிவந்தது அவர்தான். போட்டிக்கு அவள் அறுந்த செருப்போடு போகக் கூடாதாம்.

போட்டி மேல்துறையின் டிக்கெட் கூடத்தில் நடந்தது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி மேசை போட்டிருந்தார்கள். அக்கா மெல்ல மெல்ல இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். அங்கே அவளை எதிர்த்தவர்களில் முன்னணியில் இருந்தவர் ஒரு சரக்குப் படகின் கணக்கர். நான்கு சுற்று முடிந்தபோது அவருக்குப் பதினேழு புள்ளி மூன்று, அக்காவுக்குப் பன்னிரண்டு புள்ளி இரண்டு. சீட்டே வராத நாள் அது. மூன்றும் இரண்டுமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இந்த அம்மாள் பயந்து பயந்து ஆடுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

கடைசிச் சுற்றில் கணக்கர் இரண்டு கேட்டார். முன்னால் இருப்பவர் கேட்க வேண்டிய சரியான கேள்வி அது. அக்கா சீட்டை விரித்தாள். ஸ்பேடில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, ஒரு ஏழு. டைமண்டில் ஏஸ், ராஜா, ஒரு சின்னச் சீட்டு. ஒரே ஒரு கிளாவர். மூன்று ஆர்ட்டின், மூன்றும் ஒன்றுக்கும் உதவாதவை.

பின்னால் நின்ற இன்ஜின்காரர் அதைப் பார்த்துவிட்டார். அவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. ஆறு என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்று அவர் மனசுக்குள் வேண்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குச் சின்ன எண் மேல் ஆசை வந்தது.

அக்கா எண்ணினாள். ஆறு கேட்டு எட்டுப் பிடித்தால் ஆறு புள்ளி இரண்டுதான். மொத்தம் பதினெட்டு புள்ளி நான்கு. கணக்கர் தன் இரண்டை எடுத்தாலே பத்தொன்பதைத் தாண்டிவிடுவார். ஏழு கேட்டு எட்டுப் பிடித்தாலும் சமம்தான் வரும். குறைத்துக் கேட்டு ஜெயிக்க வழியில்லை. துருப்பை எல்லாம் முதலிலேயே இழுத்துவிட்டால் டைமண்ட் ராஜாவை வெட்ட யாரிடமும் ஒன்றும் இருக்காது. ஸ்பேடில் ஆறும் டைமண்டில் இரண்டும்.

"எட்டு."

கூடத்தில் யாரோ இருமினார்கள். கணக்கர் தலையைத் தூக்கி அவளை ஒருமுறை பார்த்தார். இன்ஜின்காரர் கூடத்தைவிட்டு வெளியே போய்விட்டார்.

முதல் பிடி ஆர்ட்டினில் வேறொருவருக்குப் போனது. இரண்டாவதும் அப்படியே. அக்கா அசையவில்லை. மூன்றாவதாகக் கிளாவர் வந்தது, அவளுடைய ஒற்றைக் கிளாவரும் போனது. அடுத்தும் கிளாவரே வந்தபோது ஸ்பேட் ஏழால் வெட்டி ஆட்டத்தைக் கையில் எடுத்தாள். பிறகு ஸ்பேட் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி என்று வரிசையாக இறக்க, மற்றவர்கள் கையில் துருப்பே இல்லாமல் போனது. டைமண்ட் ஏஸ் நின்றது. டைமண்ட் ராஜாவும் நின்றது. ஸ்பேட் பத்தை வைத்தபோது எட்டு. மிச்சமிருந்த இரண்டையும் அவள் யாருக்கோ விட்டுக்கொடுத்தாள்.

கணக்கர் தன் இரண்டைச் சரியாக எடுத்திருந்தார். பத்தொன்பது புள்ளி மூன்று. அக்காவுக்கு இருபது புள்ளி இரண்டு. அவர் எழுந்து நின்று, "நல்லாக் கேட்டீங்கம்மா" என்றார். நன்றாக ஆடினீர்கள் என்று சொல்லவில்லை. அக்காவுக்கு அதுதான் பிடித்திருந்தது.

வெளியே இன்ஜின்காரர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவள் கையில் கோப்பையைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"வந்துச்சா எட்டு?"

"இருந்துச்சு, வந்துச்சு."

அவர் கோப்பையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் அவர்தான் ஜெயித்தார் என்று நினைத்துக் கை கொடுத்தார்கள். அவரும் ஒவ்வொருவரிடமும் நின்று, பின்னால் வருகிறவளைக் காட்டி, "எட்டு கேட்டா" என்று சொல்லிக்கொண்டே போனார்.