மாரீஸ்வரியின் நம்பர் பொய் சொல்லாது

கஞ்சிக்கோட்டில் சோலார் செல் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில் மாரீஸ்வரி அளந்து சொல்லாமல் ஒரு தகடுகூட அடுத்த அறைக்குப் போகாது. இடுக்கி மலையில் கொழுந்து கிள்ளிய குடும்பத்துப் பெண். டிப்ளமா முடித்து மலையிறங்கி வந்து பதினாறு வருஷம் ஆகிறது. பதினாறு வருஷமும் ஒப்பந்தக்கூலிதான். இந்த ஆடி மாதத்தோடு நிரந்தர வேலைக்கான உத்தரவு வரும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு காகிதத்துக்காக அவள் எதையும் பொறுத்துக்கொள்வாள், ஒரு சொல்லைத் தவிர. அளவில் தப்பு இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

"மனுசன் பொய் சொல்லுவான். என் நம்பர் பொய் சொல்லாது" என்பாள். அதைக் கேட்டுக் கேட்டுக் கம்பெனிக்கே காது புளித்துவிட்டது.

வேலை இதுதான். சிலிக்கான் தகடுகளை ஒரு லாட்டுக்கு நூறு என்று உலைக்குள் அடுக்கி, வால்வைத் திறந்து பாஸ்பரஸ் ஆவியை விடுவார்கள். தகட்டின் மேல்தோலில் பாஸ்பரஸ் ஊறும். நன்றாக ஊறினால் மேல்தோல் மின்சாரத்தைச் சுலபமாக விடும், ஊறாவிட்டால் தடுக்கும். அந்தத் தடையின் அளவுதான் ஷீட் ரெசிஸ்டன்ஸ். அறுபதை ஒட்டி வந்தால் தகடு தேறும். ஏறினால் கழிவு.

அளக்கிற கருவியின் முள்தலையில் வரிசையாக நாலு முள். வெளிமுள் இரண்டும் மின்சாரத்தை ஏற்றி இறக்கும். உள்முள் இரண்டும் வோல்டேஜை மட்டும் பார்க்கும். முள் தகட்டைத் தொடும் இடத்தில் எப்போதும் ஒரு தடை இருக்கத்தான் செய்யும். வெளிமுள்ளில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே மீட்டர் பார்ப்பதில்லை, மின்சாரமும் கருவி வைத்த அளவிலேயே ஓடும். உள்முள்ளில் மின்சாரம் ஓடுவதே இல்லை என்று சொல்லலாம், ஆகவே அங்கே இருக்கும் தடை வோல்டேஜில் கை வைக்காது. இரண்டே முள்ளால் அளந்தால் தொடும் இடத்துத் தடையும் சேர்ந்து வந்து தகட்டின் மேல் பழி போடும். இதையெல்லாம் மாரீஸ்வரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொல்லி என்ன? செய்தது வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். எஸ்டேட்டில் மாரியம்மன் திருவிழா; நாலு நாள் லீவு போட்டிருந்தாள். குமுளி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து உள்முள்ளுக்குப் போகும் ஒயர் ஒன்று கருவியின் பிளக்கில் அறுந்தது. மீட்டரில் ஒன்றும் வரவில்லை. பொறுப்பாளர் மோகனசுந்தரம் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க மாரீஸ்வரி, இன்னும் என்ன பண்றீங்க? அரைமணியில லாட்டு போயாகோணும்."

"ஒயர் லேசா ஆடுது சார். இந்தா முடிஞ்சிரும்."

ஆடுகிறதாம்! அறுந்துவிட்டது என்று சொன்னால் மெயின்டனன்ஸ் ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், பஸ் போய்விடும். பிளக்கைத் திறந்தாள். உள்ளே முள்ளுக்கு ஒரு பின். அறுந்த உள்முள் பின்னையும் பக்கத்து வெளிமுள் பின்னையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து ஈயத்தால் பற்றவைத்தாள். முள்ளுக்கும் முள்ளுக்கும் ஒரு மில்லிமீட்டர்தானே இடைவெளி, என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். முள்தலையைக் கழற்றிவிட்டு, சரிபார்ப்பதற்கென்று வைத்திருக்கும் அளவு தெரிந்த ரெசிஸ்டரை மாட்டிப் பார்த்தாள். அச்சு அசலாகச் சரியான எண் வந்தது. தகடு ஒன்றை வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மூடியை முடுக்கிவிட்டு, அடுத்த ஷிப்டு யோகப்பிரியாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

புதன்கிழமை திரும்பியபோது நோட்டீஸ் போர்டில் நல்லதம்பியின் பெயர் இருந்தது. கொல்லங்கோட்டுப் பையன், ஒன்பது வருஷமாக உலை பார்த்தவன். பணி நேரத்தில் தூங்கி வால்வைக் கவனிக்காமல் விட்டதற்காக நீக்கம்.

"நாலு லாட்டும் எரநூத்துக்கு மேலக்கா" என்றாள் யோகப்பிரியா. "எரநூத்திப் பதினாறு, எரநூத்தி முப்பதுன்னு. தினமும் காலைல ரெசிஸ்டர் வெச்சுப் பாத்தேன், சரியாத்தான் காட்டுச்சு. அந்தண்ணன் கண்ணு மூடவே இல்லைன்னு சத்தியம் பண்ணுச்சு. எல்லாத்து முன்னாடியும் நிக்க வெச்சு, மோகனசுந்தரம் சார்தான் கேட்டாரு, மாரீஸ்வரி மிஷின் பொய் சொல்லுமாடான்னு."

யோகப்பிரியா டீ குடிக்கப் போனதும் மாரீஸ்வரி கழிவுத் தட்டிலிருந்து ஒரு தகட்டை எடுத்துக் கருவியில் வைத்தாள். இருநூற்றிருபது. முள்தலையை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். எண் இறங்கியது. விட்டாள், ஏறியது. அழுத்தத்துக்கு ஆடுகிற எண் தகட்டின் எண் அல்ல, முள் தொடுகிற இடத்தின் எண். அவள் வைத்த கம்பியால் ஒரு பக்கம் மீட்டர் மின்சாரம் ஏறும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே தொடும் இடத்துத் தடை, முள்நுனியைச் சுற்றி மின்சாரம் நெருக்கியடிக்கிற தடை, எல்லாம் தகட்டின் தலையில் ஏறிவிட்டன. ரெசிஸ்டரில் முள்ளே இல்லை, எல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்த ஒயர். அது எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

கம்பியை எடுத்தாள். அறுந்த ஒயரை அதன் பின்னிலேயே ஒழுங்காகப் பற்றவைத்தாள். மறுபடி வைத்தாள். அறுபத்தொன்று. அழுத்தினாலும் அறுபத்தொன்று. இன்னொரு தகடு, ஐம்பத்தொன்பது. நாலு லாட்டும் தங்கம் மாதிரி ஊறியிருந்தன. பாவம், அவன் கண் மூடவே இல்லை.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருந்தால் அவன் அன்றைக்கே வேலைக்கு வந்திருப்பான். எழுந்தாள்தான். கதவருகே மோகனசுந்தரம் எதிரே வந்தார்.

"வந்துட்டீங்களா? உங்க உத்தரவு கையெழுத்துக்குப் போயிருக்குதுங்க. இந்தக் கழிவுக்கு நீங்கதான் கையெழுத்துப் போடோணும். பாத்தாச்சுங்களா?"

"பாத்தாச்சு சார். எரநூத்துக்கு மேலதான் நிக்கி."

அடிப்பாவி! கையெழுத்தும் போட்டாள். நானூறு தகடும் உடைப்பு டிரம்முக்குப் போயின. யாரும் திரும்ப அளந்துவிடக் கூடாதென்று, பக்கத்தில் நின்று கடைசித் தகடு நொறுங்கும்வரை பார்த்தாள்.

அன்று மதியம் புது ஆள் போட்ட முதல் லாட்டு வந்தது. அறுபது, அறுபத்திரண்டு, அறுபது.

"பாத்தீங்களா?" என்று மோகனசுந்தரம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஆளை மாத்துனதும் நம்பர் எறங்கிப் போச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணுமுங்க?"

அவள் சரிசெய்ததே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மாரீஸ்வரி தலையை ஆட்டினாள்.

உத்தரவு ஆடி முடியுமுன் வந்தது. அம்மாவிடம் காட்ட ஊருக்குப் புறப்பட்டு, பெரிய பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றபோது நல்லதம்பி வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள்.

"நல்லா இருக்கீங்களாக்கா? நிரந்தரம் ஆயிருச்சுன்னு கேள்விப்பட்டனுங்க. சந்தோசமுங்க."

"நீ எப்படி இருக்க தம்பி?"

"இருக்கறனுங்க. வேற எந்த ஃபேக்டரியிலயும் உலைக்குச் சேத்திக்க மாட்டேங்கறாங்க, தூங்கற ஆளுன்னு. மொதல்ல எல்லாத்து மேலயும் கோவமா இருந்துச்சுங்க. கண்ணு மூடலைன்னுதான் எனக்கு ஞாபகம். அப்பறம் நெனச்சுப் பாத்தா, உங்க நம்பர் பொய் சொல்லாதுங்களே. அப்ப நான்தானே தூங்கியிருக்கோணும்? ஊட்டுல அவளும் அதைத்தான் சொல்றா. பாலக்காட்டுல டாக்டர்கிட்டப் போனனுங்க. முழிச்சிருக்கறப்பவே தூங்கறது ஒரு சீக்காம், மாத்திரை குடுத்திருக்காரு. அதைப் போட்டா நாளெல்லாம் தலை சுத்துதுங்க."

அவள் வாயைத் திறந்தாள். பைக்குள் அந்தக் காகிதம் இருந்தது.

"மாத்திரையை விட்டுறாத தம்பி" என்றாள். "ஒழுங்காப் போடு."

"சரிங்கக்கா" என்றான் அவன். பஸ் வந்ததும் அவள் பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கினான்.