கீழ் வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால்

எங்கள் வீட்டு ஓனர் கீழே குடியிருந்தார். நாங்கள் மாடியில். அவர் வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். அப்படிப்பட்டவருக்கு, வீட்டைக் காலி செய்கிறேன் என்ற நோட்டீஸை நான் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டையோடு.

ஏன் என்று கேட்டால் இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, எனக்கு யாரிடமும் பணத்தைப் பற்றி முகம் பார்த்துப் பேச வராது. என் பணத்தையே திருப்பிக் கேட்பதாக இருந்தாலும் ஏதோ கடன் கேட்பவன்போல நெளிவேன். இரண்டாவது காரணம் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. நான் தனியார் பள்ளியில் தமிழாசிரியர். எனக்கு ஒரு நோட்டீஸ் எழுதிப் பார்க்க ஆசை.

என் மனைவி அரக்கோணத்தில் அரசு மருத்துவமனை நர்ஸ். திருத்தணியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவாள். டவுனில் கிருத்திகை என்றால் பஸ் நகராது. அன்றைக்கு அவள் வீடு வரும்போது பேசுவதற்குக்கூடத் தெம்பு இருக்காது. முழங்கால் வீங்கியிருக்கும். அரக்கோணத்தில் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே, அதுவும் தரைத்தளத்தில், ஒரு வீடு அமைந்தது. ஆடி பிறப்பதற்குள் அட்வான்ஸ் கொடுத்துப் பால் காய்ச்சிவிட்டால் வீடு எங்களுக்கு, இல்லையென்றால் கேட்டு வரும் அடுத்தவருக்கு என்று அந்த வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்த ஒரே அட்வான்ஸ், கீழ் வீட்டு ஓனரிடம் இருந்த அட்வான்ஸ்தான்.

"சாயங்காலம் இறங்கிப் போய் அண்ணாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி. வைகாசி கடைசியில் சொன்னாள்.

நான் இறங்கவில்லை. எழுதத் தொடங்கினேன். ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் ஒருவர், எழுத்தில் கொடுக்காவிட்டால் அட்வான்ஸில் கை வைத்துவிடுவார்கள் என்று வேறு கிளப்பிவிட்டிருந்தார். முதல் வரைவில் 'காலி செய்கிறேன்' என்று இருந்தது, அடுத்த வரைவில் 'காலி செய்து ஒப்படைக்க உத்தேசித்துள்ளேன்' என்று வளர்ந்தது. இப்படித் திருத்தித் திருத்தி ஆனி பிறந்துவிட்டது. முடிவில் வந்த கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்:

'மேற்படி வீட்டின் சாவியை ஒப்படைக்கும் அன்றே, வெள்ளையடித்தல் உள்ளிட்ட எவ்விதப் பிடித்தமும் இன்றி, முன்பணம் முழுவதையும் திருப்பித் தருமாறு கோருகிறேன். தவறும் பட்சத்தில் தங்கள் மீது சட்டப்படி நடவடிக்கை மேற்கொள்ள நேரிடும் என்பதையும், அதனால் ஏற்படும் செலவுகளுக்குத் தாங்களே பொறுப்பு என்பதையும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.'

காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை வெள்ளையடிக்கப் பிடித்துக்கொள்வது எங்கள் ஊரில் எல்லா ஓனர்களும் செய்வதுதான். குடி வரும்போதே வாயால் பேசி, தலையாட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். அக்ரிமென்டில் அது இல்லை. பதினொரு மாத அக்ரிமென்டும் முதல் வருஷத்தோடு முடிந்து, புதுப்பிக்காமலே ஆறேழு வருஷம் ஓடியிருந்தது. இதையெல்லாம் சட்டத்தின் ஓட்டை என்று கண்டுபிடித்து எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். தபால் ஆபீசில் இரண்டு முகவரியும் ஒன்றாக இருந்தால் சிரிப்பார்களே என்று அனுப்புநர் முகவரியில் பள்ளிக்கூடத்தைப் போட்டேன். என் புத்திசாலித்தனம் அந்த அளவுக்கு வேலை செய்தது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிட்டேன்.

ஓனர் தறிக்காரர். பிறந்து வளர்ந்தது நகரிப் பக்கம், படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவார், படிக்க வராது. அவர் மனைவிக்கும் அப்படித்தான். தமிழ் படித்த ஒரே மகளைப் பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதனால் அந்த வீட்டுக்குத் தமிழில் எந்தக் காகிதம் வந்தாலும் நேராக மாடிக்குத்தான் வரும். கரண்டு ஆபீஸ் கடிதம், கூட்டுறவு பேங்க் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் இத்தனை வருஷமாக நான்தான் படித்துச் சொன்னேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தபால் வந்த அன்று சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஓனர் கையில் என் உறை. கிழிக்காமல் அப்படியே கொண்டுவந்திருந்தார்.

"சார், இன்னாவோ ரிஜிஸ்டர் வந்துருக்குது. இவ கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சிகினு பயந்துகினு இருக்கறா. கொஞ்சம் படிச்சி சொல்லுங்க."

உட்கார்ந்தார். என் மனைவி காபி போட உள்ளே போனாள். நான் உறையைக் கிழித்தேன். என் கையெழுத்து என்னைப் பார்த்தது. எழுதும்போது அவ்வளவு கம்பீரமாக இருந்த காகிதம்.

"யார் சார் போட்டுருக்காங்க?"

"நான்தாங்க."

சிரித்தார். வாத்தியார் ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இன்னா சார், காலி பண்றீங்களா?"

"ஆமாங்க. அவங்களுக்கு அரக்கோணம் தூரமா இருக்கு. கால் வலி."

"ஆங், அது தெரிஞ்சதுதான. படிங்க சார். எழுதிட்டீங்க இல்ல, முழுசா கேட்டுடறேன்."

படித்தேன். வீட்டு எண், தெரு, காலி செய்யும் தேதி வரைக்கும் ஒழுங்காகத்தான் படித்தேன். அடுத்தது அந்தப் பத்தி. எதிரே அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பேங்க் நோட்டீஸ் கேட்கும்போது எப்படிக் கேட்பாரோ அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணைக் காகிதத்தைவிட்டு எடுக்காமல், காகிதத்தில் இல்லாததைப் படிக்க ஆரம்பித்தேன்.

"இத்தனை ஆண்டுகளாகத் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் எங்கள்மீது காட்டிய அன்பை நாங்கள் என்றும் மறவோம். வழக்கப்படி ஒரு மாத வாடகையை வெள்ளையடிப்பதற்காகப் பிடித்துக்கொண்டு, மீதித் தொகையைத் தங்கள் வசதிபோல் தந்தால் போதுமானது."

மூன்று வாரம் திருத்தி எழுதியதைவிட இது நன்றாகவே அமைந்துவிட்டது. ஓனரின் கண் கலங்கியது.

"எவ்ளோ நல்லா எழுதிருக்கீங்க! இத ஏன் சார் தபால்ல போட்டீங்க? மேலர்ந்து ஒரு குரல் குடுத்தா நானே வந்துருப்பேனே."

காபியோடு வந்த மனைவி தேதியைப் பிடித்துக்கொண்டாள். "மாசக் கடைசின்னா எழுதினீங்க? அது ஆடி இல்ல?"

ஜூலை முப்பத்தொன்று என்று போட்டிருந்தேன். பிள்ளைகளுக்குத் தமிழ் மாதங்களை வரிசையாகச் சொல்லச் சொல்லி, தெரியாதவனைப் பெஞ்சு மேல் ஏற்றுகிறவன் நான்.

"ஆடியில நாங்களும் போக முடியாது, உங்களுக்கும் யாரும் குடி வரமாட்டாங்க அண்ணா" என்று அவள் நேராக ஓனரிடமே பேசினாள். அரக்கோணத்து வீடு, பால் காய்ச்ச வேண்டிய கெடு, எங்களிடம் வேறு பணம் இல்லாதது எல்லாவற்றையும் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்தாள். நான் மூன்று வாரமாகச் சொல்ல முடியாமல் தவித்தது அவ்வளவுதான்.

ஓனர் யோசித்தார். "உங்க பணம் என் கையில இல்லம்மா, தறியில போட்டுட்டேன். பொய் இன்னாத்துக்கு? புதுசா வர்றவங்க அட்வான்ஸ் குடுத்தாதான் நான் உங்களுக்குக் குடுக்க முடியும். ஆனியிலயே ஆள் புடிச்சிடலாம். நாளைக்கே போர்டு மாட்டிடறேன்."

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு இறங்கினார். எனக்கு அதைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்லிக் கேட்பது?

"நெஜமாவே அப்படியா எழுதினீங்க?" என்றாள் மனைவி.

"பின்னே?"

"பரவாயில்லையே" என்றாள். அந்தப் பாராட்டையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

போர்டு மாட்டிய சில நாட்களிலேயே பேங்க் ஊழியர் ஒருவர் வந்து வீட்டைப் பார்த்தார். அவருக்கும் ஆடி அவசரம். டோக்கன் கொடுத்துவிட்டு, நாங்கள் சாவி கொடுக்கும் அன்று முழு அட்வான்ஸும் தருவதாகப் பேசிக்கொண்டார்கள். நாங்கள் மூட்டை கட்டினோம். அந்த நாட்களில் ஓனரைப் படியில் பார்க்கும்போதெல்லாம் நான் இளித்தேன். அவரும் முதலில் சிரித்தார். பிறகு ஒரு நாள் சிரிக்கவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து மகள் வந்திருந்தாள் என்பதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலி செய்த அன்று சாமான் ஏற்றிய மினி லாரி தெருவில் நின்றது. ஓனர் மாடிக்கு வந்து குழாய்களைத் திறந்து பார்த்தார், விசிறிகளைப் போட்டுப் பார்த்தார். கரண்டு மீட்டர் ரீடிங்கைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். அதுவரைக்குமான கரண்டு பணத்தை நான் தனியாகக் கொடுத்துவிட்டேன். சாவியை நீட்டினேன். அவர் ஒரு மஞ்சள் பையை நீட்டினார்.

மனைவி எண்ணினாள். இரண்டாம் முறையும் எண்ணினாள். "அண்ணா, வெள்ளையடிக்கப் பிடிக்கலையே. முழுசா இருக்கு."

"முழுசாதான்ம்மா குடுத்துருக்கேன்." அவர் அவளைத்தான் பார்த்துச் சொன்னார். "பொண்ணு வந்துருந்தா இல்ல, அவகிட்ட சாரோட லெட்டரக் காட்டனேன். சார் எப்படி எழுதிருக்காரு பாருன்னு பெருமையா குடுத்தேன். எதுவும் புடிக்கக்கூடாது, புடிச்சா கேஸுன்னு இருக்குதுன்னு சொன்னா."

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுதும் அளவுக்கு எனக்குத் தமிழ் வராது.

"அண்ணா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். பையிலிருந்து ஒரு மாத வாடகையை எடுத்து நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் சார். எழுத்துல இன்னா இருக்குதோ அதுதான் சரி. அந்தம்மாவுக்குக் கால் சரியில்ல, புது வீட்டுச் செலவு இருக்கும், வெச்சிக்கோங்க." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். படியிறங்கப் போனவர் நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது.

"சார், அந்த பேங்க் நோட்டீசு, கரண்டு ஆபீசு லெட்டருங்க, இத்தினி வருஷமா நீங்க எனக்குப் படிச்சதெல்லாம்... அதெல்லாம் இருக்கறபடிதான சார் படிச்சீங்க?"

இருந்தபடிதான் படித்தேன், ஒரு எழுத்து மாற்றியதில்லை என்று சொன்னேன். சத்தியமான உண்மை. அவர் "ஆங், சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, சாவியைத் தூக்கி வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.