புதன்கிழமைக் கோழி

அமுதவல்லிக்குப் பொய் ஆகாது. பாண்டிச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உணவுத் திட்டம் எழுதிக் கொடுப்பவள் அவள். "எழுதினத சாப்புடு, இல்லன்னா வராத" என்பாள்.

காசநோயிலிருந்து தேறிவந்த நர்சிங் மாணவி ஸமீஹா, விடுதி மெஸ் பலகையைச் செல்போனில் படமெடுத்து வந்திருந்தாள். அமுதவல்லி அதைப் பார்த்து வாரம் முழுவதற்கும் எழுதித் தந்தாள்: காலையில் முட்டை, மதியம் பருப்பு, சாயங்காலம் சுண்டல், புதன், வெள்ளி, ஞாயிறு இரவுகளில் கோழி. நாளொன்றுக்கு அறுபது கிராம் புரதம்.

ஒரு மாதமாகியும் எடை ஏறவில்லை.

"தேறலன்னா படிப்பு வேணாம். வூட்டுக்கு வரட்டும்" என்றார் கூட வந்த தந்தை ஜமால்.

"எல்லாம் சாப்புடறியா?"

"சாப்புடறேன் மேடம்." ஸமீஹா தரையைப் பார்த்தாள்.

அமுதவல்லி ஜமாலை மாத்திரை வாங்க அனுப்பினாள். "இப்ப சொல்லு."

"மெஸ் கோழி ஹலால் இல்ல. பக்கத்துப் பொண்ணுக்குக் குடுத்துட்டு ரசஞ்சோறு தின்னுட்டுப் படுத்துடுவேன். அத்தாவுக்குத் தெரிஞ்சா ஹாஸ்டல்லயே வுடமாட்டாரு."

"பேரு தெரிஞ்சும் கேக்காம எழுதியிருக்கேன் பாரு!"

மறுபடி படத்தைப் பார்த்தாள். கோழிக்குக் கீழே பொடி எழுத்தில் 'சைவத்துக்குப் பன்னீர்' என்றிருந்தது. தாளில் கோழியை அடித்துப் பன்னீரும் பாலும் எழுதினாள். ஸமீஹாவுக்குச் சைவச் சாப்பாடே தரும்படி வார்டனுக்கும் ஒரு சீட்டு எழுதினாள்.

ஜமால் திரும்பி வந்து தாளை வாங்கிப் பார்த்தார். "கோழிய ஏன் அடிச்சிட்டீங்க?"

ஸமீஹா அமுதவல்லியைப் பார்த்தாள்.

"அவ ஒடம்புக்குச் சேரல பாய்" என்றாள், பொய் ஆகாத அமுதவல்லி.